ஒரே மருந்து, இரண்டு பாட்டில்: குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கும் வீட்டாருக்கு

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் நடத்தும் மருந்துக் கடையின் கண்ணாடி மேசை மீது, ஒரு மாலை ஏழு மணி சுமாருக்கு, பொள்ளாச்சிப் பேருந்தில் வந்து இறங்கி வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒரு தாய் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். இரண்டும் பாராசிட்டமால் சிரப். ஒன்றைச் சித்தூர்ப் பக்கம் மருத்துவரிடம் காட்டியபோது எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். மற்றொன்றைக் குழந்தையைப் பார்க்க வந்த சித்தி பொள்ளாச்சியில் வாங்கி வந்திருந்தார். "ரெண்டும் ஒரே மருந்துதானுங்களே, எதைக் கொடுத்தாலும் ஒண்ணுதானுங்களே?" என்று அந்தத் தாய் கேட்டார். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, வாசனைகூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி. மருந்தும் மற்றொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி. மருந்தும் இருந்தன. பொள்ளாச்சி பாட்டிலில் ஒரு மூடி என்பது சித்தூர் பாட்டிலில் இரண்டு மூடிக்கும் சற்று அதிகம்.

வீட்டில் பாராசிட்டமால் அளவு மீறிப் போவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலாவது இதுதான். யாரும் வேண்டுமென்று அதிகம் கொடுப்பதில்லை. எல்லோரும் "5 மி.லி." என்பதை மனத்தில் வைத்திருக்கிறார்கள், அந்த 5 மி.லி.க்குள் எத்தனை மி.கி. மருந்து இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. மி.லி. என்பது திரவத்தின் அளவு, மி.கி. என்பது அதில் கரைந்தோ மிதந்தோ இருக்கும் மருந்தின் அளவு. குழந்தையின் உடல் கணக்கு வைப்பது மி.கி.யை மட்டும்தான்.

நம் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பெரும்பாலும் மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. இருக்கிறது. சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., பெரிய குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இந்த மூன்றில் மிகவும் சிறிய பாட்டிலில், மிகவும் சிறிய குழந்தைக்கு வரும் சொட்டு மருந்துதான் மிகவும் செறிவானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கைக்குழந்தை அதிகத் திரவத்தை விழுங்காது, துப்பிவிடும் என்பதால் கொஞ்சம் திரவத்தில் தேவையான மருந்தை அடக்கியிருக்கிறார்கள். "சொட்டு மருந்துதானே, லேசாகத்தான் இருக்கும்" என்று நினைத்து அதை 5 மி.லி. மூடியில் ஊற்றிக் கொடுத்தால் ஒரே வேளையில் 500 மி.கி. உள்ளே போய்விடும். அது பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை.

பாட்டிலின் மேல் அச்சிட்டிருப்பது அனேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் படிக்க வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 'ஐ', 'பி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், அவற்றைத் தொடர்ந்து வரும் எண்ணே மி.கி. கணக்கு. அது 120ஆ, 125ஆ, 250ஆ, 100ஆ என்று பார்த்து, அந்த எண்ணை மட்டும் ஒரு தடித்த பேனாவால் அட்டைப்பெட்டியிலும் பாட்டிலிலும் பெரிதாக எழுதி வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். கடையில் கேட்டால் நாங்களே எழுதிக் கொடுப்போம், அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இனி எவ்வளவு கொடுக்கலாம் என்பது. குழந்தைகளுக்குப் பாராசிட்டமாலை வயதை வைத்து அல்லாமல் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் 10 முதல் 15 மி.கி. வரை கொடுக்கலாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம், வசதியாக ஆறு மணி நேரம், இடைவெளி வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 15 மி.கி.யை நான்கால் பெருக்கினால் வருவதே நாள் வரம்பு, அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் 60 மி.கி. நான்கு மணி இடைவெளி என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளில் ஆறு வேளை கொடுத்துவிடக் கூடாது, இடைவெளியும் வேளைக் கணக்கும் இரண்டும் சேர்ந்துதான் விதி.

இதை மி.லி.யாக மாற்றுவது கடினமில்லை. ஒரு வேளையின் மேல் வரம்பு, 250 பாட்டிலில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.3 மி.லி., 120 அல்லது 125 பாட்டிலில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.6 மி.லி., சொட்டு மருந்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.15 மி.லி. பன்னிரண்டு கிலோ குழந்தை என்றால் 250 பாட்டிலில் 3.6 மி.லி.யும், 120 பாட்டிலில் 7.2 மி.லி.யும், சொட்டு மருந்தில் 1.8 மி.லி.யும் ஒரு வேளைக்கு உச்சம். மருத்துவர் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அவர் எழுதியதே சரி, உச்சத்தைத் தொட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வயதுக்கு மீறிய பருமன் உள்ள குழந்தைக்கு இந்த எடைக் கணக்கை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறித்திருப்பார்கள், அதில் கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு முந்தைய எண் என்றால் அது குறைவாக இருக்கும், அந்தத் தவறு பாதுகாப்பான பக்கம் சாய்வது என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை.

மேசையில் இரண்டு பாட்டிலை வைத்த அந்தத் தாயின் குழந்தைக்குப் பதினான்கு மாதம், எடை 9 கிலோ. மேலே சொன்ன கணக்கின்படி ஒரு வேளைக்கு 90 முதல் 135 மி.கி. வரை கொடுக்கலாம், முழு நாளுக்கு 540 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மருத்துவர் 120 பாட்டிலில் 5 மி.லி., ஆறு மணிக்கு ஒரு முறை, காய்ச்சல் இருந்தால் மட்டும் என்று எழுதியிருந்தார். கிலோவுக்கு 13 மி.கி. சுமார் வருகிறது, குறை சொல்ல இடமில்லாத அளவு. தாய் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரு முறை, காலை எட்டு மணிக்கு ஒரு முறை கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று வேளை, 360 மி.கி. இதுவரை எல்லாம் சரி.

குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அம்மிச்சி. காலை பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சூடாக இருந்திருக்கிறது. மகள் காலையில் கொடுத்தது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது அவர் மாட்டுத் தொழுவத்தில் இருந்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கைக்கு எட்டியது பொள்ளாச்சி பாட்டில், அதில் ஒரு மூடி, 5 மி.லி., கொடுத்தார். 250 மி.கி. எட்டு மணிக்குக் கொடுத்ததற்கும் இதற்கும் இடைவெளி இரண்டே மணி நேரம். கூட்டினால் 610 மி.கி., அந்தப் பத்து மணிக்கே நாள் வரம்பு தாண்டிவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் அதே மூடி, 860 மி.கி. மாலை ஐந்து மணிக்கு மூக்கு ஒழுகியதால் வீட்டில் மூத்த பேரனுக்கு வாங்கி வைத்திருந்த சளி சிரப்பில் 5 மி.லி. கொடுத்தார். அந்தச் சளி சிரப்பிலும் 5 மி.லி.க்கு 125 மி.கி. பாராசிட்டமால் இருந்தது. இருபத்தொரு மணி நேரத்தில் மொத்தம் 985 மி.கி., கிலோவுக்கு 109 மி.கி.

இந்தக் கணக்கில் அம்மிச்சியைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் அது சரியாகாது. அவர் ஒவ்வொரு முறையும் கொடுத்தது "ஒரு மூடி"தான். ஆறு வேளைகளில் ஒன்றுகூட, தனித்தனியாகப் பார்த்தால், கண்ணுக்குத் தவறாகத் தெரியாது. இரண்டு கைகள், மூன்று பாட்டில்கள், நடுவில் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதோடு குழந்தைக்குக் காய்ச்சல் நன்றாக இறங்கி, மாலையில் விளையாடவும் தொடங்கியிருந்தது, அதனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றே வீட்டில் நினைத்தார்கள். இரவு எட்டு மணி மருந்து கொடுக்கும் முன் இரண்டு பாட்டிலும் திறந்திருப்பதைத் தாய் கவனித்ததுதான் நல்வாய்ப்பு.

அளவு மீறினால் உடனே ஏன் ஒன்றும் தெரிவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த வரம்பு எதற்கு என்பதும் புரியும். நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் பெரும் பகுதியைக் கல்லீரல் வேறு பொருள்களோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் கல்லீரலுக்குள்ளேயே ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் குளூட்டாதையோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். சரியான அளவில் இது நாள்தோறும் ஓசையில்லாமல் நடந்து முடிகிறது. அளவு கூடும்போது வழக்கமான வெளியேற்றப் பாதை நிரம்பி வழிந்து, நச்சாக மாறும் பகுதி பெருகி, குளூட்டாதையோன் இருப்புத் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. இது முற்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் நாளில் குழந்தை சாதாரணமாக இருக்கலாம், அல்லது கொஞ்சம் வாந்தியும் சோர்வும் இருக்கலாம், அதைக் காய்ச்சலின் தொடர்ச்சி என்றே எவரும் எண்ணுவார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வலது விலாவின் கீழ் வலியும், பிறகு கண் மஞ்சளும், மயக்கமும் வரும்.

இங்கே ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். குளூட்டாதையோனை உடல் உணவிலிருந்து தயாரிக்கிறது. இரண்டு மூன்று நாளாகச் சரியாகப் பால் குடிக்காமல், கஞ்சி இறங்காமல், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அந்த இருப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். காய்ச்சல் நீடிக்கும் குழந்தைக்குத்தான் மருந்து திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகிறது, அந்தக் குழந்தையே சாப்பிடாமலும் இருக்கிறது. ஒரே ஒரு நாள் சற்று மீறியதைவிட, மூன்று நாள் தொடர்ந்து மீறுவது ஆபத்தாவதற்குக் காரணம் இது. எடைக்குறைவான குழந்தை, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடும் குழந்தை, மஞ்சள்காமாலையிலிருந்து எழுந்த குழந்தை ஆகியோருக்கு மேலே சொன்ன உச்ச வரம்பையே வீட்டார் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மருத்துவர் சொல்லும் எண்தான் வரம்பு.

மூன்றாவது பாட்டிலான சளி சிரப்பைப் பற்றி. சளி, இருமல், மூக்கடைப்பு, உடல்வலி என்று பெயரிட்டு வரும் பல கலவை மருந்துகளில் பாராசிட்டமால் ஓர் உறுப்பாக இருக்கிறது. மெஃபெனமிக் அமிலத்தோடும், ஐபுபுரூஃபெனோடும் பாராசிட்டமால் சேர்ந்த சிரப்புகளும் உண்டு. பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயர் இதைச் சொல்லாது, பின்பக்கத்துச் சிறிய எழுத்துதான் சொல்லும். ஆகவே பாராசிட்டமால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாளில் வேறு எந்தச் சிரப்பையும் திறக்கும் முன் இதில் பாராசிட்டமால் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிடுங்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியது, ஆகவே பதினான்கு மாதக் குழந்தைக்கு அந்த வகைச் சளி சிரப் எந்த அளவிலும் உகந்ததல்ல.

நம் பகுதிக்கே உரிய சில மறைவிடங்கள் இன்னும் உண்டு. வளைகுடா நாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் பாட்டிலின் செறிவு நம் கடை பாட்டிலோடு ஒத்துப்போகும் என்று கொள்ள முடியாது. அசிட்டமினோஃபென் என்று எழுதியிருந்தால் அது வேறு மருந்தல்ல, பாராசிட்டமாலின் அமெரிக்கப் பெயர். மருத்துவமனையில் காய்ச்சல் அதிகமாக இருந்தபோது ஆசனவாய் வழியாக வைத்த மருந்தும் அந்த நாளின் கணக்கில் ஒரு வேளைதான். அதை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் சிரப்பும் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "வாயில கொடுக்கலையேங்க" என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பிறகு, பெரியவர்களின் 650 மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தேனில் குழைப்பது. பாதி என்பது 325 மி.கி., நம் 9 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 36 மி.கி., ஒரு வேளை உச்சத்தின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது என்பது தனிக் கதை.

எல்லையில் வாழ்பவர்களுக்கு மொழியும் ஓர் இடையூறுதான். இங்கே மருத்துவமனையில் செவிலியர் "பனியுண்டெங்கில் மாத்ரம் கொடுத்தால் மதி" என்பார். பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல், மதி என்றால் போதும். காய்ச்சல் இருந்தால் மட்டும் கொடுத்தால் போதும் என்பது பொருள். கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இது பழகிய பேச்சு, ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பொள்ளாச்சியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ வந்திருக்கும் பெரியம்மாவுக்கு அப்படியில்லை. பனி இறங்கும் மாலை நேரத்தில் கொடுக்கச் சொன்னார்கள் என்று புரிந்துகொண்டு, காய்ச்சலே இல்லாத குழந்தைக்கு மூன்று நாள் மாலையில் தவறாமல் கொடுத்த ஒரு பெரியம்மா என்னிடமே வந்து நான்காம் நாளுக்கு மருந்து கேட்டிருக்கிறார். ஒரு வேளை மட்டும் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டி, சரியா என்று செவிலியரிடமே கேட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம்.

அளப்பதில் நடக்கும் தவறுகளையும் பார்த்துவிடுவோம். வீட்டுச் சிறிய ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் இருப்பதில்லை, ஒன்று 3 மி.லி. பிடித்தால் மற்றொன்று 6 மி.லி.க்கு மேல் பிடிக்கும், ஆகவே ஸ்பூனால் அளக்கவே கூடாது. பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியை மேசையில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து ஊற்ற வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அரை மி.லி. எளிதில் மாறிவிடும். 3.6 மி.லி., 1.35 மி.லி. போன்ற அளவுகளுக்கு மூடி உதவாது, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், சில ரூபாய்தான் ஆகும். சொட்டு மருந்தோடு வரும் டிராப்பரை அந்த பாட்டிலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், சிரப்பின் மூடியைச் சொட்டு மருந்துக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. சிரப் என்று நாம் சொல்லும் பல பாட்டில்கள் உண்மையில் மருந்துத் தூள் மிதக்கும் திரவங்கள், ஒரு நாள் அசையாமல் இருந்தால் மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் சில வேளைகளில் மருந்து குறைவாகவும், காய்ச்சல் இறங்கவில்லையே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலின் அடியை எட்டும் வேளைகளில் மருந்து அதிகமாகவும் போகும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டே ஊற்ற வேண்டும்.

எழுதி வைப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பாட்டிலிலேயே ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, மணி, மி.லி., எந்த பாட்டில், கொடுத்தவர் யார் என்று ஒரு வரி எழுதினால் போதும்: "காலை 8, 5 மி.லி., 120 பாட்டில், அம்மா." சீட்டைப் பார்க்காமலும் அதில் எழுதாமலும் யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாத பாட்டியாக இருந்தால், அன்றைய நாளுக்குரிய நான்கு காசுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒன்றை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கிண்ணம் காலியானால் அன்று மருந்து இல்லை. கொடுக்காத பாட்டிலைப் பெட்டியோடு உயரத்தில் வைத்துவிட்டு, ஒரு காய்ச்சலுக்கு ஒரே பாட்டிலை மட்டும் வெளியே வைப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது.

கொடுத்த சிறிது நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள், மருந்து கண்ணுக்குத் தெரியும்படி முழுவதும் வெளியே வந்துவிட்டால் ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வந்த வாந்தி என்றால், அல்லது எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியாவிட்டால், அடுத்த வேளை வரை காத்திருப்பதே சரி.

பாராசிட்டமால் காய்ச்சலின் காரணத்தைத் தீர்ப்பதில்லை, குழந்தையின் அவதியைக் குறைக்கிறது. தெர்மாமீட்டரில் 100 காட்டினாலும் விளையாடிக்கொண்டு பால் குடிக்கும் குழந்தைக்கு மருந்து கட்டாயமில்லை, தூங்கும் குழந்தையை எழுப்பிக் கொடுக்கவும் வேண்டாம். காய்ச்சல் வலிப்பு வராமல் தடுக்கும் என்று எண்ணி நேரம் தவறாமல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், வலிப்பை இது தடுப்பதில்லை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் எதையும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்த வயதில் காய்ச்சலே அபாய அறிகுறி, மருந்து அதை மறைத்துவிடும். தடுப்பூசி போட்ட நாளில் செவிலியர் சொல்லிக் கொடுத்த அளவு மட்டும் இதற்கு விலக்கு.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் டெங்குவும், மலையாளத்தில் எலிப்பனி என்று சொல்லும் எலிக்காய்ச்சலும் பரவுவதால், காய்ச்சல் இறங்கவில்லை என்று பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபெனையோ மெஃபெனமிக் அமிலத்தையோ வீட்டார் தாமாகச் சேர்க்கக் கூடாது. டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு அறவே கூடாது. டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் கல்லீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், மற்ற காய்ச்சல்களைவிட இவற்றில்தான் பாராசிட்டமாலின் அளவை மிகக் கவனமாகக் காக்க வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் இன்னொரு பாட்டில் வாங்குவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மாத்திரையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ இல்லாதவருக்கு ஒரு நாள் உச்சம் 4,000 மி.கி., அதாவது 500 மாத்திரை எட்டு, 650 மாத்திரை ஆறு. எடை குறைந்த முதியவர்களும் குடிப்பவர்களும் அவ்வளவு எடுக்கக் கூடாது, 2,000 மி.கி.க்கு மேல் போகும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டிவலிக்கென்று கொடுக்கும் பல வலி மாத்திரைகளில் 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கிறது என்பதும் அவர்கள் கணக்கில் வர வேண்டும்.

அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், அல்லது ஐயம் வந்தாலே, குழந்தை நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, தீர்ந்துபோன குளூட்டாதையோனை உடல் மீண்டும் உண்டாக்க அது உதவுகிறது. பெருமளவு மருந்து ஒரே வேளையில் உள்ளே போன எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது ஏறக்குறைய முழுப் பாதுகாப்புத் தருகிறது, தாமதம் ஆக ஆக அதன் பலன் குறைகிறது, கண் மஞ்சளான பிறகு போனால் நல்ல வாய்ப்பு கைநழுவியிருக்கும். பாட்டிலைத் திறந்து குழந்தை தானாகவே குடித்துவிட்டால், ஒரு கிலோவுக்கு 150 மி.கி.க்கு மேல் போயிருக்கக்கூடும் என்றால் நிச்சயமாகவும், அளவு தெரியாவிட்டாலும் உடனே போக வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். 108க்கு அழைத்தால் இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸ் வரும். மருத்துவமனைக்குத் திறந்திருக்கும் எல்லா பாட்டில்களையும், சளி சிரப்பும் உட்பட, எடுத்துச் செல்லுங்கள். எடை, கடைசியாகக் கொடுத்த மணி, அதற்கு முந்தைய மணிகள் ஆகியவற்றைச் சொன்னால், இரத்தத்தில் எதை எப்போது பார்க்க வேண்டும் என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். ஒரே வேளையில் குடித்திருந்தால் நான்கு மணி நேரம் கழித்தே இரத்த அளவு சரியாகத் தெரியும், அதற்காக நாம் வீட்டில் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மாலையில் அந்தத் தாயிடம் எட்டு மணி மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, ஆறு வேளைகளையும் மணியோடு ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில் போட்டு, வீட்டிலிருக்கும் சளி சிரப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். சளி சிரப் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, வீட்டுக்குப் போன் செய்து அம்மிச்சியிடம் கேட்ட பிறகுதான். மருத்துவமனையில் அந்தத் தாளை வைத்தே இரத்தம் எடுத்தார்களாம். இரவு முழுதும் வைத்திருந்து, மறுநாள் காலையில் கல்லீரல் பரிசோதனையைத் திரும்பச் செய்து, எண்கள் இயல்பாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அம்மிச்சியே கடைக்கு வந்து, "அந்த 250ஐ என்ன பண்றதுங்க, தூக்கிப் போட்டுடட்டுங்களா?" என்றார். மூத்த பேரனுக்கு வயது ஐந்து, எடை 16 கிலோ. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அதில் ஒரு வேளைக்கு 4.8 மி.லி. வரை கொடுக்கலாம் என்று சொல்லி, பாட்டிலின் மேல் அவன் பெயரையும் அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.